27 யோசனை, நான்கு கட்டம்

ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்குப் பார்க்கும் 38 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலை ஒன்பதரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு ஏழரை ஆகிவிடும். வேலையை விடாமல் பக்கத்தில் ஏதாவது ஒரு தொழில் தொடங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. தோன்றியதையெல்லாம் நோட்டில் எழுதி வந்ததில் 27 யோசனைகள் சேர்ந்துவிட்டன. மசாலாப் பொடி, சத்துமாவு, மரச்செக்கு எண்ணெய், சிப்பிக் காளான், இட்லி மாவு, ஆரி எம்பிராய்டரி, நைட்டி விற்பனை, ஜெராக்ஸ் கடை, சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு, கல்லூரி மாணவர்களுக்கு டேலி வகுப்பு, பாக்கு மட்டைத் தட்டு, யூடியூப் சேனல் என்று பட்டியல் நீள்கிறது.

இப்படிப் பட்டியல் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். கடைசியாக யார் பேச்சைக் கேட்டார்களோ அவர் சொன்ன தொழிலில் இறங்கிவிடுகிறார்கள். அல்லது எதிலும் இறங்காமல் 28-ஆவது யோசனையை எழுதிக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் மாற்றாக ஒரு வழி உண்டு. நேரம், பணம், திறமை, ஆர்வம் என்று நான்கு கட்டம் போட்டு, ஒவ்வொரு யோசனைக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கொடுத்துப் பார்ப்பது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் மதிப்பெண் போடும் விதம் தவறினால், முன்பே மனத்தில் முடிவு செய்ததைத்தான் இந்தக் கணக்கும் திருப்பிச் சொல்லும். அதனால் எப்படிப் போடுவது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

மதிப்பெண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் இருக்கிறது. எல்லா யோசனைக்கும் மதிப்பெண் போடத் தேவையில்லை. இவருக்கு வார நாட்களில் இரவு ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை நாலைந்து மணி நேரம், ஆக வாரத்துக்கு ஏறத்தாழ 10 மணி நேரம் கிடைக்கும். கையில் சேமிப்பு எவ்வளவு இருந்தாலும், போனால் போகட்டும், குடும்பம் தாங்கும் என்று அவரால் சொல்ல முடிந்த தொகை 80,000 ரூபாய். இந்த இரண்டு எண்களையும் நோட்டின் தலைப்பில் எழுதிவிட்டுப் பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை ஓட்ட வேண்டும். மரச்செக்குக்கு இயந்திரம், இடம், மின் இணைப்பு என்று லட்சங்களில் போகும், அடித்துவிடலாம். ஜெராக்ஸ் கடைக்கு முன்பணமும் வேண்டும், பகல் முழுக்க ஆளும் வேண்டும், அதையும் அடித்துவிடலாம். இட்லி மாவு தினமும் மாலையில் அரைத்து, விடிவதற்குள் கடைகளுக்குப் போய்ச் சேர வேண்டிய சரக்கு. வாரம் 10 மணி நேரத்துக்குள் அது அடங்காது. இப்படி அடித்தது போக 11 மிஞ்சுகின்றன. மதிப்பெண் இந்த 11-க்கு மட்டும்தான்.

கடன் வாங்கினால் மரச்செக்கும் உள்ளே வந்துவிடுமே என்று கேட்கலாம். மாவட்டத் தொழில் மையம் வழியாகப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் போன்றவற்றில் மானியத்துடன் கடன் கிடைப்பது உண்மைதான். ஆனால் அந்தத் திட்டத்தில் மானியம் தொடக்கத்திலேயே கைக்கு வருவதில்லை. மூன்றாண்டுகள் வங்கியில் வைப்பாக இருந்து, தொழில் நடப்பது உறுதியான பிறகே கடனில் கழிக்கப்படும். அதுவரை தவணை கட்ட வேண்டியவர் நீங்கள். ஆகவே பணம் என்ற கட்டத்தில் திட்டச் செலவையோ கடன் வரம்பையோ எழுதாமல், இழந்தாலும் தாங்கக்கூடிய தொகையை எழுதுவதே பாதுகாப்பு.

அடுத்தது அளவுகோல். 4 என்றால் என்ன, 2 என்றால் என்ன என்று முதலிலேயே எழுதி வைக்காவிட்டால், திங்கட்கிழமை போட்ட 4-க்கும் வியாழக்கிழமை போட்ட 4-க்கும் சம்பந்தம் இருக்காது. பணத்துக்கு எழுதுவது சுலபம்: 10,000 ரூபாய்க்குள் முடிந்தால் 5, 25,000-க்குள் என்றால் 4, 40,000 வரை 3, 60,000 வரை 2, அதற்கு மேல் 80,000 வரை 1. குறைவாகச் செலவாகும் யோசனைக்குத்தான் அதிக மதிப்பெண் என்பதைக் கட்டத்தின் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும். நிறையப் பணம் வேண்டும் என்பதால் 5 என்று தலைகீழாகப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அப்படிப் போட்டால் மொத்தக் கூட்டலும் பிழையாகிவிடும்.

திறமையை அளக்க நான் சிபாரிசு செய்வது அடுத்தவரின் நடத்தையை. இந்த வேலைக்கு யாராவது ஏற்கெனவே உங்களுக்குக் காசு கொடுத்திருந்தால் 5. காசு வாங்காமல் பலருக்குச் செய்து கொடுத்திருந்தால் 4. வீட்டுக்கு மட்டும் செய்ததென்றால் 3. இப்போதுதான் கற்றுக்கொள்கிறீர்கள் என்றால் 2. தொட்டதே இல்லையென்றால் 1. எனக்கு நன்றாக வரும் என்ற நினைப்புக்கு இந்த அளவுகோலில் இடமில்லை.

ஆர்வத்துக்கும் அப்படியே. பிடிக்கிறது என்ற உணர்வுக்கு மதிப்பெண் போட ஆரம்பித்தால் பட்டியலில் பாதிக்கு 4 விழும். அதற்குப் பதில், கடந்த ஓராண்டில் யாரும் சொல்லாமலே இதற்காக என்ன செய்தீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சொந்தக் காசோ விடுமுறை நாளோ செலவழித்திருந்தால் 5. கிடைத்த வாய்ப்பில் எல்லாம் விரும்பிச் செய்திருந்தால் 4. வீடியோ பார்த்ததோடு சரி என்றால் 3. செய்யச் சொன்னால் செய்வேன் என்றால் 2. மைத்துனர் சொன்ன யோசனை, நோட்டில் எழுதியதோடு மறந்துவிட்டது என்றால் 1.

நேரம்தான் எல்லோரும் பிழை செய்யும் கட்டம். எத்தனை மணி நேரம் என்று மட்டும் பார்க்கிறார்கள். எந்த நேரம் என்று பார்ப்பதில்லை. இவருடைய பட்டியலில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் யோசனையை எடுங்கள். மாதம் 20 மணி நேரம்கூட ஆகாத வேலை. ஆனால் மாதாந்தரக் கணக்கு கொடுக்கும் வியாபாரிக்கு ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தை 11-ஆம் தேதிக்குள்ளும், ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தை 20-ஆம் தேதிக்குள்ளும் ஏற்ற வேண்டும். இவர் வேலை பார்க்கும் ஜவுளிக் கடைக்கும் அதே தேதிகள்தான். கடையில் இரவு ஒன்பது வரை உட்காரும் அதே வாரத்தில்தான் பக்கத்து வாடிக்கையாளர்களும் பில் கட்டோடு வந்து நிற்பார்கள். சும்மா இருக்கும் 25-ஆம் தேதியின் நேரத்தை எடுத்து 10-ஆம் தேதியில் செலவழிக்க முடியாது. ஆகவே மணிக்கணக்கில் குறைவாகத் தெரியும் இந்த வேலைக்கு நேரத்தில் 2 மதிப்பெண்தான் கொடுக்கலாம்.

சிப்பிக் காளான் இன்னொரு விதம். குடிலில் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒரு நாள் ஊருக்குப் போனால் மாற்றாள் வேண்டும். பறித்த காளானை ஓரிரு நாளுக்குள் விற்றாக வேண்டும். வாரம் ஏழு மணி நேரம்தான் என்றாலும், தள்ளிப்போட முடியாத ஏழு மணி நேரம் அது. நேரத்தில் 1. இதற்கு எதிராக ஆரி வேலையில் சட்டத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகலாம். இரவு பத்து மணிக்கு மறுபடி உட்காரலாம். முகூர்த்த மாதங்களில் கெடு இருக்கும், மற்ற நாட்களில் நெருக்கடி இல்லை. அதற்கு 4.

மசாலாப் பொடியை நேரத்தில் எங்கே வைப்பது? வறுத்து அரைக்க ஒரு ஞாயிறு போதும் என்று தோன்றும். ஆனால் மிளகாயும் மல்லியும் அதற்கு முன் வெயிலில் காய வேண்டும். அது நடப்பது இவர் கடையில் இருக்கும் நேரத்தில். மேகம் கறுத்தால் மாடிக்கு ஓடிப்போய் அள்ளி வர வீட்டில் ஆள் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கேள்வி தினமும் எழும். பிறகு மில்லில் வரிசையில் நின்று அரைத்து, சூடு ஆறவிட்டு, சலித்து, நிறுத்துக் கட்டி, கொண்டுபோய்க் கொடுத்து, பாக்கி வசூலிக்க வேண்டும். தயாரிக்கும் நேரத்தை மட்டும் எண்ணினால் 4 போடத் தோன்றும். வாங்குவதில் தொடங்கி வசூலிப்பது வரை எண்ணினால் 3.

அளவுகோல் எழுதியாயிற்று. இனி எந்த வரிசையில் மதிப்பெண் போடுவது என்பதும் முக்கியம். ஒரு யோசனையை எடுத்து அதன் நான்கு கட்டத்தையும் நிரப்பிவிட்டு அடுத்த யோசனைக்குப் போவதுதான் இயல்பாகக் கை போகும் வழி. அதைத் தவிர்க்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-இல் இதைக் காட்டினார். ராணுவ அதிகாரிகளை அவர்களுடைய மேலதிகாரிகள் அறிவு, உடல்வாகு, தலைமைப் பண்பு என்று தனித்தனியாக மதிப்பிட்டிருந்தார்கள். ஒன்றில் உயர்வாகப் போட்டவருக்கு எல்லாவற்றிலும் உயர்வாகப் போட்டிருந்தார்கள். ஒரு குணத்தின் மேல் இருந்த அபிப்பிராயம் மற்றவற்றின் மேலும் வழிந்துவிட்டது. ஆரி வேலையின் மேல் ஆசையாக இருப்பவர் ஆர்வத்தில் 5 போட்ட கையோடு திறமைக்கும் 3 போட்டுவிடுவார்.

இதற்கு மாற்று, கட்டம் கட்டமாகப் போவது. இன்றைக்கு நேரம் மட்டும். 11 யோசனைக்கும் மேலிருந்து கீழாகப் போட்டு முடித்து, அந்தப் பத்தியை ஒரு தாளால் மூடிவிட வேண்டும். நாளைக்குப் பணம், மறுநாள் திறமை, கடைசியாக ஆர்வம். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். திறமைக் கட்டத்தை மட்டும் உங்களை நன்கு அறிந்த ஒருவரிடம் தனியாகப் போடச் சொல்லலாம். இரண்டு பேருக்கும் இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வரும் இடத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். முடித்த பிறகு ஒரு கட்டம் முழுக்க 3-ம் 4-மாகவே இருந்தால் அந்தக் கட்டம் எதையும் பிரித்துக் காட்டவில்லை என்று பொருள். அளவுகோலை இன்னும் கறாராக எழுதி மறுபடி போட வேண்டும்.

இவருடைய 11-இல் ஆறு யோசனைகளுக்கு விழுந்த மதிப்பெண்கள் இவை. மீதி ஐந்தும் கூட்டலில் 11-க்குக் கீழேயே நின்றுவிட்டன.

| யோசனை | நேரம் | பணம் | திறமை | ஆர்வம் | கூட்டல் |
|---|---|---|---|---|---|
| டேலி வகுப்பு | 4 | 4 | 4 | 4 | 16 |
| மசாலாப் பொடி | 3 | 3 | 4 | 4 | 14 |
| கடைகளுக்குக் கணக்கு | 2 | 5 | 5 | 2 | 14 |
| ஆரி எம்பிராய்டரி | 4 | 4 | 1 | 5 | 14 |
| சிப்பிக் காளான் | 1 | 4 | 2 | 5 | 12 |
| நைட்டி விற்பனை | 3 | 2 | 3 | 3 | 11 |

டேலி வகுப்புக்குத் திறமையில் 4 விழக் காரணம், கடையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இவர்தான் இத்தனை நாளும் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறார், அதுவும் கேட்காமலே. ஆரிக்கு ஆர்வத்தில் 5, ஏனென்றால் சொந்தக் காசில் மணியும் நூலும் வாங்கி வைத்திருக்கிறார். ஆனால் ஊசி பிடித்ததில்லை, திறமையில் 1. காளானுக்கு விடுப்பு எடுத்து ஒரு நாள் பயிற்சிக்குப் போய்வந்தவர். நைட்டிக்கு, திங்கள் இரவே தொடங்கிவிடும் கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தைக்கு வேலை முடிந்து போக முடியும் என்பதால் நேரத்தில் 3 கிடைத்தது. ஆனால் அளவு, நிறம் என்று சரக்கை வாங்கி அடுக்க வேண்டியிருப்பதால் பணத்தில் 2.

இப்போது கூட்டல் கட்டத்தைப் பாருங்கள். மூன்று யோசனைகள் 14-இல் நிற்கின்றன. மூன்றும் ஒன்றா? கணக்கு வேலை இவருக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் நேரமும் மனமும் இல்லை. ஆரிக்கு மனம் இருக்கிறது, கை இல்லை. மசாலா எல்லாவற்றிலும் நடுத்தரம். கூட்டல் இந்த வித்தியாசத்தை மறைத்துவிடுகிறது. கூட்டும்போது ஒரு கட்டத்தின் மிகுதி இன்னொரு கட்டத்தின் குறையை ஈடுகட்டுகிறது. நடைமுறையில் அப்படி ஈடாவதில்லை. எவ்வளவு ஆர்வம் இருந்தாலும் மதியம் 3 மணிக்குக் கடையை விட்டு வர முடியாது.

அதனால் கூட்டுவதற்குப் பதில் பெருக்கிப் பார்ப்பது நல்லது. டேலி வகுப்பு 256, மசாலா 144, கணக்கு வேலை 100, ஆரி 80, நைட்டி 54, காளான் 40. பெருக்கலில் ஒரு கட்டம் பலவீனமாக இருந்தால் மொத்தமும் சரிகிறது. 14-இல் ஒன்றாக நின்ற மூன்றும் பிரிந்துவிட்டன. கூட்டலில் நைட்டியை முந்திய காளான் இங்கே அதற்குப் பின்னால் போய்விட்டது.

நான்கு கட்டத்துக்கும் சம எடையா, அல்லது எனக்கு நேரம்தான் முக்கியம் என்றால் அதை இரட்டிப்பாக்க வேண்டாமா என்ற கேள்வி உடனே வரும். உளவியலாளர் ராபின் டாஸ் 1979-இல் எழுதிய கட்டுரை ஒன்று இதில் புகழ்பெற்றது. சரியான அம்சங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அவற்றுக்குச் சம எடை கொடுத்துக் கூட்டினாலே, நுணுக்கமாகக் கணக்கிட்ட எடைகளுக்குப் பக்கத்தில் வந்துவிட முடிகிறது. நிபுணரின் மொத்த உத்தேசத்தைவிடவும் அது மேல் என்று அவர் காட்டினார். எடைகளைப் பற்றி வாரக்கணக்கில் யோசிப்பது வீண்.

ஆனால் எடையை மாற்றிப் பார்ப்பதில் வேறு ஒரு பயன் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்தையும் ஒருமுறை இரட்டிப்பாக்கிக் கூட்டிப் பாருங்கள். நேரத்தை இரட்டித்தால் டேலி வகுப்பு 20, ஆரி 18, மசாலா 17. பணத்தை இரட்டித்தால் டேலி 20, கணக்கு வேலை 19, ஆரி 18, மசாலா 17. திறமையை இரட்டித்தால் டேலி 20, கணக்கு வேலை 19, மசாலா 18. ஆர்வத்தை இரட்டித்தால் டேலி 20, ஆரி 19, மசாலா 18. டேலி வகுப்பு நான்கு முறையும் முதலிடத்தில் இருக்கிறது. அதன் இடம் எடையை நம்பி இல்லை. மசாலா மூன்றாவது, நான்காவது இடத்தைவிட்டு நகரவில்லை. கணக்கு வேலை இரண்டாவது இடத்துக்கு ஏறுகிறது, ஆர்வத்தை இரட்டித்தால் காளானுக்கும் கீழே ஐந்தாவதாக இறங்குகிறது. ஆரியும் இரண்டுக்கும் நான்குக்கும் இடையே போய் வருகிறது. இந்த இரண்டையும் பற்றி முடிவெடுக்க எண்கள் போதாது.

அங்கே பார்க்க வேண்டியது, குறைந்த மதிப்பெண் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அது உயரக்கூடியதா என்பதை. திறமையில் 1 என்றால் சில மாதப் பயிற்சியில் 2 ஆகும், பக்கத்து வீட்டாருக்கு ஒன்றிரண்டு பிளவுஸ் போட்டுக் கொடுத்தால் மேலும் ஏறும். பணத்தில் 2 என்றால் சின்ன அளவில் தொடங்கி உயர்த்தலாம். வேலையில் இருக்கும்வரை கணக்கு எழுதும் தொழிலின் நேரக் கட்டம் உயராது. தேதிகள் அரசு வைத்தவை. ஆகவே இவர் டேலி வகுப்பையும் மசாலாப் பொடியையும் எடுத்துக்கொள்ளலாம், ஆரியைப் பயிற்சிக்கு வைக்கலாம், கணக்கு வேலையை இப்போதைக்கு விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

முடிவைப் பார்த்த பிறகு மனம் சும்மா இருக்காது. ஆசைப்பட்டது கீழே நின்றால் கை ரப்பரைத் தேடும். நோட்டில் ஒரே ஒரு வரிசையில் மட்டும் திருத்தல்கள் இருந்தால், அது கணக்கைத் திருத்தியது அல்ல, விடையைத் திருத்தியது. புதிதாக ஒரு தகவல் கிடைத்தால் மட்டும் எண்ணை மாற்றலாம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். காளானில் அப்படி ஒரு தகவல் உண்டு: ஈரோட்டுக் கோடையின் சூட்டில் சிப்பிக் காளான் சிரமப்படும், பால் காளான் தாங்கும். அது தெரியவந்தால் காளான் வரிசையை மறுபடி பார்க்க நியாயம் இருக்கிறது. ஆனாலும் தண்ணீர் தெளிக்கும் நேரம் மாறாது.

அதற்காக உள்ளுணர்வை ஒதுக்கவும் வேண்டியதில்லை. டேனியல் கானமன் இளைஞராக இஸ்ரேல் ராணுவத்தில் இருந்த 1950-களில், புதிதாகச் சேர்பவர்களை நேர்காணும் முறையை மாற்றி அமைத்தார். ஆறு குணங்களைத் தனித்தனியாக ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடச் சொன்னார். நேர்காணல் செய்தவர்கள் தங்களை இயந்திரமாக்குவதாகக் கோபப்பட்டார்கள். அவர்களுக்காக ஒன்றைச் சேர்த்தார்: எல்லா மதிப்பெண்ணும் போட்டு முடித்த பிறகு, கண்ணை மூடி, இவர் எப்படிப்பட்ட வீரராக வருவார் என்று கற்பனை செய்து ஒரு மதிப்பெண் போடுங்கள். பிற்பாடு பார்த்தபோது ஆறு மதிப்பெண்ணின் கூட்டல் பழைய முறையைவிட நன்றாகக் கணித்திருந்தது. கண்ணை மூடிப் போட்டதும் அதற்குச் சமமாகக் கணித்திருந்தது. பிரித்துப் பிரித்துப் பார்த்த பிறகு வந்ததால்தான் அந்த உள்ளுணர்வுக்கு மதிப்பு. தொழில் பட்டியலுக்கும் ஐந்தாவதாக இப்படி ஒரு கட்டத்தைக் கடைசி நாளில் சேர்க்கலாம்.

இந்த நான்கு கட்டங்களில் வாங்குகிறவர் எங்குமே இல்லை. நான்கும் தொழில் தொடங்குபவரைப் பற்றியவை. எது விற்கும் என்று அவை சொல்லாது. எதை விற்றுப் பார்க்கும் நிலையில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லும். அதனால்தான் ஒன்றை எடுக்காமல் இரண்டு மூன்றை எடுக்கிறோம். மீதியைச் சின்ன விற்பனைதான் முடிவு செய்ய வேண்டும். மசாலாவில் 5 கிலோ போட்டு, கால் கிலோ பொட்டலமாக 20 கட்டி, உறவினர் அல்லாதவர்களுக்கு முழு விலைக்கு விற்க வேண்டும். வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும் என்பதால் அதையும் சோதனைச் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 20 பேரில் எத்தனை பேர் தாமாகக் கேட்டு இரண்டாவது பொட்டலம் வாங்கினால் தொடர்வது என்பதை முதல் பொட்டலம் கைமாறும் முன்பே நோட்டில் எழுதிவிட வேண்டும். நான் ஏழு என்று வைப்பேன். டேலி வகுப்புக்கு, முன்பணம் கட்டிச் சேரும் மாணவர்கள் ஐந்து பேர். சேருகிறேன் என்று வாயால் சொன்னவர்கள் கணக்கில் வரமாட்டார்கள்.